ஒன்பது பதினைந்துக்கு முன்பும் பின்பும்

2023 ஏப்ரல் 13, வியாழக்கிழமை. சந்தை நேரம் முடிந்த பிறகு இன்ஃபோசிஸ் தன் காலாண்டு முடிவுகளை வெளியிட்டது. முந்தைய ஆண்டின் அதே காலாண்டைவிட லாபம் கூடியிருந்தது. ஆனால் அதற்கு முந்தைய மூன்று மாதங்களோடு ஒப்பிட்டால் வருவாய் இறங்கியிருந்தது. அதைவிடப் பெரிய அடி, அடுத்த ஓராண்டுக்கு நிறுவனம் தந்த கணிப்பு: வருவாய் வளர்ச்சி 4 முதல் 7 சதவீதம்தான் இருக்கும். இரட்டை இலக்க வளர்ச்சிக்குப் பழகிப்போயிருந்த சந்தை இதை எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் அம்பேத்கர் பிறந்தநாள் விடுமுறை, நமக்குப் புத்தாண்டும்கூட. அதன்பின் சனி, ஞாயிறு. கெட்ட செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் இங்கே யாராலும் ஒரு பங்கைக்கூட விற்க முடியவில்லை. நியூயார்க்கில் மட்டும் அந்த வியாழனும் வெள்ளியும் இன்ஃபோசிஸின் ஏ.டி.ஆர். பங்குகள் கைமாறின, நன்றாகவே சரிந்தன.

திங்கட்கிழமை காலை மும்பையில் சந்தை திறந்தது. முந்தைய முடிவு விலை 1,389 ரூபாயை ஒட்டி இருந்த பங்கு, 10 சதவீதம் கீழே, 1,250 ரூபாய்க்கு அருகில் தொடங்கியது. காலை வர்த்தகத்திலேயே 1,185 வரை இறங்கியது. அன்று மாலை முடிந்ததோ 1,259 ரூபாய்க்கு அருகில். அதாவது, எங்கே தொடங்கியதோ ஏறக்குறைய அங்கேயே வந்து நின்றது. நடுவில் பதறி 1,190 ரூபாய்க்கு விற்றவர், சும்மா இருந்து மாலையில் விற்றவரைவிடப் பங்குக்கு எழுபது ரூபாய் குறைவாக வாங்கிக்கொண்டு வெளியேறினார். செய்தியை இருவரும் ஒரே மாதிரிதான் படித்திருந்தார்கள். வேறுபட்டது, முதல் சில நிமிடங்களின் விலையை அவர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பது.

அந்தச் சில நிமிடங்களில் என்னதான் நடக்கிறது என்று தெரிந்துகொள்ள, ஒன்பது மணிக்குப் போக வேண்டும்.

அமெரிக்காவில் சந்தை அதிகாரபூர்வமாகத் திறப்பதற்குப் பல மணி நேரம் முன்பே பங்குகளை வாங்கவும் விற்கவும் முடியும். நம் தேசியப் பங்குச் சந்தையில் அப்படியில்லை. இங்கே இருப்பது ப்ரீ-ஓப்பன் என்கிற சிறிய ஏலம். 2010 அக்டோபரில் நிஃப்டி, சென்செக்ஸ் பங்குகளுக்கு மட்டும் தொடங்கி, பிறகு மற்றப் பங்குகளுக்கும் விரிந்தது. ஒன்பது மணிக்கு ஆர்டர்களை ஏற்கத் தொடங்குவார்கள். 9.07-க்கும் 9.08-க்கும் இடையில், எந்த நொடி என்று யாருக்கும் தெரியாதபடி, கதவு மூடப்படும். அடுத்த சில நிமிடங்களில் கணினி ஒரே ஒரு விலையைக் கண்டுபிடித்து, பொருந்துகிற ஆர்டர்கள் எல்லாவற்றையும் அந்த விலையிலேயே முடித்துவிடும். 9.15-க்கு வழக்கமான வர்த்தகம் தொடங்கும்.

அந்த ஒரே விலை எப்படி வருகிறது? கற்பனையாக ஒரு பங்கை எடுத்துக்கொள்வோம். நேற்றைய முடிவு விலை 500 ரூபாய். இரவில் நல்ல செய்தி வந்திருக்கிறது. காலையில் 530 ரூபாய்வரை கொடுக்கத் தயாராக 2,000 பங்குகளுக்கு ஆர்டர் இருக்கிறது, 525-க்கு 3,000, 520-க்கு 5,000, 515-க்கு 4,000. விற்பவர்கள் பக்கத்தில் 510 கிடைத்தால் போதும் என்று 2,000 பங்குகள், 515-க்கு 2,000, 520-க்கு 3,000, 525 கிடைத்தால்தான் என்று 6,000. இப்போது ஒவ்வொரு விலையிலும் எத்தனை பங்குகள் கைமாற முடியும் என்று பாருங்கள். 515 என்றால் வாங்க 14,000-க்கு ஆள் இருக்கிறது, ஆனால் விற்க 4,000-தான். 525 என்றால் விற்க 13,000 தயார், வாங்க 5,000-தான். 520-ல் வாங்க 10,000, விற்க 7,000. எனவே 7,000 பங்குகள் கைமாறும். இதுதான் மிக அதிகம். தொடக்க விலை 520 ஆகிறது.

இந்தக் கணக்கில் பலரும் கவனிக்காமல் விடுவது மிச்சத்தைத்தான். 520 கொடுக்கத் தயாராக இருந்தவர்களில் 3,000 பங்குகளுக்கு இன்னும் கிடைக்கவில்லை. 525-க்கு விற்கக் காத்திருக்கும 6,000 பங்குகளும் அப்படியே நிற்கின்றன. ரத்து செய்யப்படாத இந்த ஆர்டர்கள் எல்லாம் 9.15-க்குத் தொடங்கும் வழக்கமான சந்தையின் வரிசைக்கு அப்படியே நகர்ந்துவிடும். ஆகவே முதல் நொடியில் திரையில் தெரிகிற வரிசை புதிதாக யோசித்தவர்களின் வரிசை அல்ல, ஏலத்தில் தீராமல் போனவர்களின் வரிசை.

இவர்களோடு இன்னொரு கூட்டமும் சேர்கிறது. ப்ரீ-ஓப்பன் ஏலத்தில் ஸ்டாப்லாஸ் ஆர்டர்களுக்கு இடமில்லை. விலை இவ்வளவுக்கு இறங்கினால் விற்றுவிடு என்று பல நாட்களுக்கு முன்பே புரோக்கரிடம் பதிந்துவைத்தவர்கள் ஏராளம். பங்கு பெரிய சரிவோடு திறக்கும் நாளில், அவர்கள் குறித்த விலைகள் எல்லாம் ஏற்கெனவே தாண்டப்பட்டிருக்கும். 9.15 ஆனதும் அத்தனையும் ஒரே நேரத்தில் உயிர்பெற்று விற்பனையாகக் கொட்டும். விலை உயர்ந்து திறக்கும் நாளில் இதே கதை தலைகீழாக நடக்கும். பியூச்சர்ஸில் ஷார்ட் போனவர்கள் நஷ்டத்தைத் தடுக்க எந்த விலையிலாவது வாங்க ஓடுவார்கள். ஏரி மதகைத் திறந்ததும் முதலில் வருவது கலங்கல் நீர்தான். முதல் கேண்டிலில் ஓடுவதும் முன்பே தேங்கியதுதான்.

இவ்வளவும் வந்து விழுகிற நேரத்தில் எதிர்ப்பக்கம் ஆட்கள் குறைவு. பெரிய நிறுவனங்களின் டீலர்கள் முதல் நிமிடத்தில் தங்கள் முழு ஆர்டரையும் போடுவது அபூர்வம். விலை நிதானப்பட்ட பிறகு சிறிது சிறிதாகப் போடவே விரும்புவார்கள். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலான இடைவெளி, சாதாரணமாகச் சில பைசாக்கள் இருக்கும் பங்கில்கூட, ரூபாய்க் கணக்கில் அகன்றிருக்கும். அங்கே மார்க்கெட் ஆர்டர் போடுகிறவர் அந்த இடைவெளியின் முழு விலையையும் கொடுக்கிறார். அவர் கொடுத்த அந்த விலைதான் அடுத்த நொடியில் கேண்டிலின் உச்சியாகவோ அடியாகவோ பதிவாகி, இன்னொருவருக்குப் பெரிய நகர்வு தொடங்கிவிட்டதாகக் காட்டுகிறது.

நம் 520 ரூபாய்ப் பங்குக்குத் திரும்புவோம். முதல் நிமிடத்தில் அது 534-க்குப் பாய்கிறது. அடுத்த நிமிடம் 531. மூன்றாவது நிமிடம் 524. ஐந்தாவது நிமிடம் 515-ஐத் தொட்டு 516-ல் நிற்கிறது. பதினைந்து நிமிடம் முடியும்போது 523. ஒரு நிமிட வரைபடம் பார்த்தவருக்குக் கண்ணில் பட்டது வலுவான பச்சைக் கேண்டில். ஐந்து நிமிட வரைபடம் பார்த்தவருக்கு, மேலே நீண்ட வாலுடன் சிவப்புக் கேண்டில், விற்கச் சொல்லும் அடையாளமாகத் தெரியும். பதினைந்து நிமிடக் கேண்டிலோ இரண்டு பக்கமும் வாலுடன், நடுவில் சின்னஞ்சிறு பச்சை உடலுடன், எதையும் சொல்லாமல் நிற்கும். மூன்றும் ஒரே பங்கு, ஒரே காலை. வரைபடம் திறப்பு, உச்சம், தாழ்வு, முடிவு என நான்கு விலைகளை மட்டும் எடுத்து வரைகிறது. உச்சம் முதலில் வந்ததா, தாழ்வு முதலில் வந்ததா என்பதுகூட அதில் இல்லை.

இப்போது இன்ஃபோசிஸின் அந்தத் திங்கட்கிழமை இன்னும் தெளிவாகும். பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் உள்ள பங்குகளுக்கு நிலையான சர்க்யூட் வரம்பு கிடையாது என்றாலும், தொடக்கத்தில் 10 சதவீத வரம்பு ஒன்று உண்டு. விலை அந்த எல்லையை ஒட்டி வந்து, போதிய வர்த்தகமும் நடந்தால் எல்லை விரிக்கப்படும். அன்று காலை 1,250 என்ற தொடக்க விலை வாங்குபவரும் விற்பவரும் ஒத்துக்கொண்ட விலை அல்ல. 1,389-லிருந்து 10 சதவீதம் கழித்தால் வருகிற, அதற்குக் கீழே ஆர்டர் போட முடியாத வேலி விலை. வேலியில் முட்டிக்கொண்டு நின்ற விற்பனை தீரவில்லை. எல்லை விரிந்ததும் அது 1,185 வரை வழிந்தது. முந்தைய விலையிலிருந்து அது ஏறக்குறைய 14.7 சதவீதம் கீழே. 15 சதவீதம் என்ற அடுத்த வேலிக்குச் சற்று மேலே. அவசரக்காரர்கள் அங்கே தீர்ந்தார்கள். அதற்குமேல் விற்க ஆள் குறையவும் விலை மெல்ல ஏறி, 9 சதவீதத்துக்குச் சற்று அதிகமான இழப்போடு நாள் முடிந்தது.

இந்தக் கதையைக் கேட்டதும், "அப்படியானால் முதல் கேண்டிலுக்கு எதிர்த்திசையில் போனால் லாபம்" என்ற முடிவுக்குப் பலர் தாவிவிடுகிறார்கள். அது இன்னும் ஆபத்து. 2024 ஜனவரியில் நடந்ததைப் பாருங்கள். ஜனவரி 16 மாலை ஹெச்.டி.எஃப்.சி. வங்கி தன் காலாண்டு முடிவைச் சொன்னது. நிகர லாபம் 16,372 கோடி ரூபாய், முந்தைய ஆண்டைவிட 33 சதவீதம் அதிகம். தலைப்பைப் பார்த்தவர்கள் மறுநாள் பங்கு ஏறும் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் 2023 ஜூலையில்தான் ஹெச்.டி.எஃப்.சி. நிறுவனம் வங்கியோடு இணைந்திருந்தது. எனவே முந்தைய ஆண்டோடு நேராக ஒப்பிடுவதே பொருந்தாது. ஆய்வாளர்கள் பார்த்தது வேறு: நிகர வட்டி வரம்பு 3.4 சதவீதத்திலேயே நின்றது, கடன் வளரும் வேகத்துக்கு டெபாசிட் வளரவில்லை. அன்றிரவே நியூயார்க்கில் வங்கியின் ஏ.டி.ஆர். சரிந்தது.

17-ம் தேதி காலை, 1,679 ரூபாய்க்கு அருகில் முடிந்திருந்த பங்கு பெரிய இடைவெளியோடு கீழே திறந்தது. இன்ஃபோசிஸை நினைத்துக்கொண்டு, மாலைக்குள் மீளும் என்று வாங்கியவர்கள் அன்று நன்றாக அடிபட்டார்கள். தொடங்கிய விலைக்கும் கீழே போய், 8 சதவீதத்துக்கு மேல் இழந்து, 1,537 ரூபாய்க்கு அருகில் முடிந்தது. மறுநாளும் இறங்கியது. இரண்டு பெரிய பங்குகள், இரண்டிலும் காலாண்டு முடிவு, இரண்டிலும் சரிவோடு திறப்பு. ஒன்று தொடக்க விலைக்கே திரும்பியது, மற்றது திரும்பவே இல்லை. முதல் கேண்டில் பொய் சொல்கிறது என்று நான் சொல்லவில்லை. அடுத்து என்ன என்ற கேள்விக்கான விடை அதில் இல்லை. இருப்பதாக நினைப்பதால்தான் நஷ்டம் வருகிறது.

சரி, முதல் நிமிடங்களுக்கு எப்படித் தயாராவது? வேலையின் பெரும்பகுதி முந்தைய மாலையிலேயே இருக்கிறது. செய்தி வந்ததும் நல்லதா கெட்டதா என்பதைவிட, சந்தை எதிர்பார்த்ததிலிருந்து அது எவ்வளவு விலகியது என்பதைப் பார்க்க வேண்டும். நிறுவனம் பங்குச் சந்தைக்குச் சமர்ப்பித்த மூல அறிக்கையைப் படியுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒற்றை வரியில் லாபம் மட்டும்தான் இருக்கும். விலையை நகர்த்திய வரி பெரும்பாலும் நான்காம் பத்தியில் கிடக்கும். ஹெச்.டி.எஃப்.சி. வங்கி, இன்ஃபோசிஸ், விப்ரோ, ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி போல நியூயார்க்கில் பட்டியலான பங்குகளுக்கு இரவு ஏ.டி.ஆர். விலையையும் பாருங்கள். ஏ.டி.ஆர். 7 சதவீதம் இறங்கி, இங்கேயும் பங்கு 7 சதவீதம் கீழே திறந்தால், செய்தி விலைக்குள் வந்துவிட்டது என்று பொருள். திறந்த பிறகு விற்க ஓடுபவர் பழைய செய்திக்கு விற்கிறார்.

பிறகு ஒரு தாளில் சில விலைகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: நேற்றைய முடிவு விலை, நேற்றைய உச்சமும் தாழ்வும், அண்மைய வாரங்களில் பங்கு பலமுறை நின்று திரும்பிய ஒரு விலை, 10 சதவீத வேலி எங்கே வருகிறது என்பது. காலையில் ஏலத்தில் வரும் தொடக்க விலை இதோடு சேரும்.

ஒன்பது மணிக்குத் திரையில் தெரியும் விலையை 9.05 வரை நம்பாதீர்கள். ஆர்டர்களைப் போடலாம், மாற்றலாம், ரத்தும் செய்யலாம் என்பதால் 9.02-க்கு 8 சதவீதம் ஏறியதாகக் காட்டும் பங்கு 9.08-க்கு 2 சதவீதத்தில் நிற்பது வாடிக்கை. அதிகம் ஏறிய பங்குகள் என்று காட்டும் பட்டியலில் சதவீதத்துக்குப் பக்கத்தில் எத்தனை பங்குகள் பொருந்தியிருக்கின்றன என்பதும் இருக்கும். நாளொன்றுக்குப் பல லட்சம் பங்குகள் கைமாறும் ஒரு நிறுவனத்தில் சில நூறு பங்குகளை வைத்து உருவான 6 சதவீத ஏற்றத்துக்கு எந்த எடையும் இல்லை. ஏலத்திலேயே பெரிய அளவு கைமாறியிருந்தால்தான் அந்த விலை பலர் கூடிச் சொன்ன விலை.

9.15 முதல் 9.30 வரை, என் அழுத்தமான கருத்து, கையைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான் பெரும்பாலானவர்களுக்கு நல்லது. அந்தப் பதினைந்து நிமிடத்தின் உச்சத்தையும் தாழ்வையும் குறித்துக்கொள்ளுங்கள். கூடவே, அன்று கைமாறிய பங்குகளின் சராசரி விலையை, அதாவது டிரேடர்கள் விவாப் என்று சொல்லும் கோட்டை, வரைபடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பின் கேட்க வேண்டிய கேள்வி எளிது: பதினைந்து நிமிட எல்லையைத் தாண்டி வெளியே வந்த விலை, அங்கேயே தங்குகிறதா? ஐந்து நிமிடக் கேண்டில் ஒன்று எல்லைக்கு வெளியே முடிந்து, விலை சராசரிக் கோட்டுக்கும் அதே பக்கத்தில் இருந்து, திரும்பி வந்து பார்க்கும்போது உள்ளே விழாமல் நின்றால், புதிதாக ஆட்கள் வருகிறார்கள் என்று கொள்ளலாம். எட்டிப்பார்த்துவிட்டு உள்ளே திரும்பினால், வெளியே போனது தேங்கிய ஆர்டர்தான்.

எவ்வளவு வாங்குவது என்பதையும் சந்தை திறந்த பிறகு முடிவு செய்யக் கூடாது. நம் கற்பனைப் பங்கில் பதினைந்து நிமிட உச்சம் 534, தாழ்வு 515. 534-ஐத் தாண்டி வாங்கி, 515-ல் ஸ்டாப்லாஸ் வைத்தால் பங்குக்கு 19 ரூபாய் ஆபத்து. செய்தி நாளில் நினைத்த விலையில் வாங்கவும் விற்கவும் முடியாது. அதற்கு இரண்டு ரூபாய் சேர்த்து 21 என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் இரண்டு லட்சம் இருந்து, ஒரு முயற்சியில் அரை சதவீதம், அதாவது ஆயிரம் ரூபாய்தான் இழக்கலாம் என்று முடிவு செய்திருந்தால், 47 பங்குகள் வாங்கலாம், அதற்குமேல் இல்லை. சாதாரண நாளில் அதே பங்கில் ஸ்டாப்லாஸ் ஐந்து ரூபாய் தள்ளி இருந்தால் 200 பங்குகள் வாங்கியிருப்பீர்கள். செய்தி நாளிலும் பழக்கத்தில் 200 பங்குகளே வாங்குகிறவர், தெரியாமலே நான்கு மடங்கு ஆபத்தை எடுக்கிறார். முதல் கேண்டிலில் அடிபடுகிறவர்களில் பலருடைய திசை சரியாகத்தான் இருந்திருக்கும். அளவுதான் அவர்களை வெளியே தள்ளியிருக்கும்.

ஆர்டரை லிமிட் விலையோடுதான் போட வேண்டும். 535-க்குமேல் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டால், பங்கு கிடைக்காமல் போனாலும் சரி. காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஹெச்.டி.எஃப்.சி. வங்கி நாளில் பதினைந்து நிமிடம் பொறுத்து ஷார்ட் போனவருக்குச் சரிவின் ஒரு பகுதி கைநழுவியிருக்கும். அந்த நழுவலைக் கட்டணமாக எண்ணிக் கொடுத்துவிடலாம். செபி வெளியிட்ட ஆய்வின்படி 2022-23ல் பங்குகளில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் பத்துக்கு ஏழு பேர் நஷ்டம் அடைந்தார்கள். அவர்களோடு சேராமல் இருப்பதற்கு, சில ரூபாயைத் தவறவிடுவது மிகக் குறைந்த விலை.

நெடுநாள் முதலீட்டாளர்களுக்கு வேறு கணக்கு. நிறுவனத்தின் மேலுள்ள நம்பிக்கை போய், பங்கை விற்றே தீர வேண்டும் என்று முடிவு செய்திருந்தாலும், அதை முதல் ஐந்து நிமிடத்தில் செய்ய அவர்களுக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. முன்பே பதிந்த ஸ்டாப்லாஸ் இருந்தால், செய்தி வந்த மாலையே அதைத் திரும்பப் பாருங்கள். தாண்டிவிட்ட விலையில் அது நின்றால், காலை 9.15-க்கு அது உங்களைக் கேட்காமலே விற்றுவிடும்.

இங்கே சொன்னவையெல்லாம் நிறைய வால்யூம் உள்ள பெரிய பங்குகளுக்கு. சின்ன நிறுவனங்களில் 5 சதவீத சர்க்யூட் வரம்பு இருந்து, செய்தியின் பலத்தில் முதல் நொடியிலேயே அதில் போய் ஒட்டிக்கொண்டால், பதினைந்து நிமிட எல்லை என்று ஒன்று உருவாகவே உருவாகாது. கேண்டில் ஒரு படுக்கைக் கோடாக நிற்கும். மேல் சர்க்யூட்டில் விற்க ஆள் இருக்காது, கீழ் சர்க்யூட்டில் வாங்க ஆள் இருக்காது. ஸ்டாப்லாஸ் வைத்திருந்தாலும் அதை நிறைவேற்ற எதிரே ஒருவர் வேண்டும். சந்தை நேரத்தின் நடுவில், மதியம் இரண்டு மணிக்கு வரும் காலாண்டு முடிவுகளுக்கும் இந்த ஏலம் கிடையாது. அங்கே விலை நேராக ஓடும் வரிசையிலேயே தேடப்படும். காலையில் குறித்த எல்லைகளை அந்த நொடியிலேயே அழித்துவிட்டு, செய்தி வந்த நிமிடத்திலிருந்து புதிய பதினைந்து நிமிடத்தை எண்ணத் தொடங்க வேண்டும்.